பணிவிவரக் குறிப்புகளிலிருந்து "யாருக்குக் கீழ் யார்" அட்டவணை: காலியிடங்களை எப்படிக் குறிப்பது?

முதுநகர் நிர்வாக உதவியாளர்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகருக்கு அருகே இறால் பதப்படுத்தி உறையவைக்கும் ஒரு ஆலையில் நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் தணிக்கை வருகிறது. அதற்குள் எந்தப் பதவி யாருக்குக் கீழே இயங்குகிறது, எந்தப் பதவி காலியாக இருக்கிறது என்பதை ஒரே அட்டவணையில் தரும்படி ஆலைத் தலைவர் கேட்டிருக்கிறார்.

என் கையில் மூன்று வகை ஆவணங்கள் உள்ளன. முதலாவது, தரக் கையேட்டில் உள்ள நிர்வாகக் கட்டமைப்பு விவரிப்பு. அது படமாக இல்லை, பத்திகளாக எழுதப்பட்டுள்ளது, தேதி மார்ச் 2023. அதன்படி ஆலைத் தலைவரின் கீழ் உற்பத்தி மேலாளர், தர மேலாளர், பராமரிப்புப் பொறியாளர், நிர்வாக அலுவலர் ஆகிய நால்வர் இருக்கிறார்கள். உற்பத்தி மேலாளரின் கீழ் மூன்று ஷிப்ட் மேற்பார்வையாளர்களும் ஒரு குளிர்கிடங்குப் பொறுப்பாளரும், தர மேலாளரின் கீழ் ஒரு நுண்ணுயிரியலரும் இரண்டு தர ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, எட்டுப் பணிவிவரக் குறிப்புகள். மூன்றாவது, சென்ற மாத வருகைப் பதிவேடு.

நான் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒரு நெடுவரிசையில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே அவருடைய மேலலுவலரின் பெயரை எழுதினேன். உற்பத்தி மேலாளர் வேலையை விட்டுச் சென்றுவிட்டதால், முதல் ஷிப்ட் மேற்பார்வையாளர்தான் இப்போது அந்த வேலையையும் பார்க்கிறார். அதனால் என் அட்டவணையில் அவருக்கு மேலலுவலர் என்ற இடத்தில் அவருடைய பெயரே வந்து நிற்கிறது. அதோடு, காலியிடங்கள் எத்தனை என்று தலைவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஆள் இல்லாத பதவி எதுவும் என் அட்டவணையில் வரவே இல்லை. இதை எங்கிருந்து திருத்தத் தொடங்க வேண்டும்?

நெல்லிக்குப்பம் வரைகலை

படம் அழகாக வர வேண்டுமானால் பெட்டிகளை ஒரே அளவில் வைத்து, காலியான பெட்டிகளுக்குக் கோட்டுக் கரையும் நிரம்பிய பெட்டிகளுக்கு நிறமும் கொடுங்கள். அலுவலகத்தில் உள்ள ஆவணச் செயலியிலேயே இதற்கான வார்ப்பு இருக்கிறது. பன்னிரண்டு பெட்டிகள் என்றால் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

முதுநகர் நிர்வாக உதவியாளர்

நன்றி ஐயா. படம் வரைவதில் எனக்குச் சிக்கல் இல்லை. பெட்டிக்குள் எதை எழுதுவது, எந்தப் பெட்டியை எதனோடு இணைப்பது என்பதில்தான் தெளிவில்லை.

வில்லியனூரான்

சகோதரி, நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. உங்கள் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஓர் ஆளாக இருக்கிறது. அது ஓர் இருக்கையாக இருக்க வேண்டும். ஆள் போனால் வரி போய்விடும், ஆனால் ஆள் போனாலும் இருக்கை அங்கேயேதான் இருக்கும். நான் புதுச்சேரித் தொழிற்சாலைகளுக்கு இந்த ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பவன், முதல் வேலையாகப் பெயர்களை ஒதுக்கி வைத்துவிடுவேன்.

கட்டமைப்பு விவரிப்பை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். தலைவர் 1, அவருக்குக் கீழே 4, உற்பத்தியில் 4, தரத்தில் 3, ஆக மொத்தம் 12 இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ப01 முதல் ப12 வரை எண் கொடுங்கள். மேலலுவலர் நெடுவரிசையில் பெயரை எழுதாமல் மேல் இருக்கையின் எண்ணை மட்டும் எழுதுங்கள். முதல் ஷிப்ட் மேற்பார்வையாளர் ப06, அவருடைய மேல் இருக்கை உற்பத்தி மேலாளர் என்னும் ப02. அந்த இருக்கையில் இப்போது யாரும் இல்லை என்பது வேறு விஷயம், அதனால் கோடு மாறாது. ப06-இல் இருப்பவர் ப02-ஐயும் கவனிக்கிறார் என்பது "தற்போது கவனிப்பவர்" என்ற தனி நெடுவரிசைக்குப் போக வேண்டும். அப்போது யாரும் தமக்குத் தாமே மேலலுவலராக வர மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. உங்களிடம் எட்டுப் பணிவிவரக் குறிப்புகள் இருப்பதால் எட்டுப் பதவிகள்தான் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். ஷிப்ட் மேற்பார்வையாளருக்கு ஒரே குறிப்புதான் இருக்கும், இருக்கைகளோ மூன்று. அந்த மூன்றையும் "மூன்று மேற்பார்வையாளர்கள்" என்று ஒரே வரியில் எழுதினால், அவற்றில் ஒன்று காலியாக இருப்பதைக் குறிக்க உங்களுக்கு இடமே இருக்காது.

மஞ்சக்குப்பம் கணக்கர்

இருக்கைக்கு ஒரு வரி என்பது சரி. ஆனால் காலியான ப02-க்குக் கீழே நான்கு பேரைத் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே ஆளில்லை என்றால் அந்த நான்கு பேரின் விடுப்பு விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடுவது? எங்கள் நிறுவனத்தில் இப்படிப்பட்ட சமயங்களில் கீழே உள்ளவர்களை நேராக அதற்கு மேலுள்ளவரோடு இணைத்துவிடுவோம். நடப்பில் உள்ளதைத்தானே அட்டவணை காட்ட வேண்டும்? அதே போல, இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் தேதியில் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள், வேலை சுலபமாக முடியும்.

வில்லியனூரான்

கையெழுத்துப் பற்றி நீங்கள் சொல்வது நியாயமான கேள்வி, அதற்கு அட்டவணையில் இடம் வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். அந்த இடம்தான் "தற்போது கவனிப்பவர்" நெடுவரிசை. ஆனால் கோட்டையே மேலே இழுத்து ஒட்டிவிட்டால், தலைவரின் கீழே நேரடியாக நான்கு பேர் இருந்த இடத்தில் ஏழு பேர் வந்துவிடுவார்கள்: ப03, ப04, ப05 ஆகிய மூவரோடு உற்பத்திப் பிரிவின் நால்வரும். ஆறு மாதம் கழித்து புதிய உற்பத்தி மேலாளர் வரும்போது, அந்த ஏழில் யார் யார் அவருக்குக் கீழே திரும்ப வேண்டும் என்பதற்கு அட்டவணையில் எந்தச் சான்றும் இருக்காது. ஒட்டிய பிறகு ப02 தனக்குக் கீழே யாரும் இணையாத தனி வரியாக நிற்கும், பிறகு ஒருநாள் யாராவது அது தேவையில்லை என்று நீக்கிவிடுவார்கள். காலியிடம் அட்டவணையிலிருந்து தொலைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

பிந்திய தேதி பற்றி அடுத்து எழுதுகிறேன், அது இவ்வளவு எளிதாக முடிகிற விஷயம் இல்லை. சகோதரி, எட்டுக் குறிப்புகளிலும் "யாருக்குக் கீழ்" என்ற வரியையும், மேலலுவலர்களின் குறிப்பில் "இவருக்குக் கீழே இயங்குவோர்" என்ற வரியையும் எடுத்து ஒப்பிட்டீர்களா?

பாகூர் ஓய்வூதியர்

நான் புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் பணியமைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுடையது தனியார் ஆலை என்றாலும், எங்கள் அனுபவத்தில் ஒன்று உங்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

பெயர்ப்பலகையில் பதவிக்குப் பின்னால் "(பொ)" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொறுப்பு என்பதன் சுருக்கம் அது. ஆனால் அந்த ஒரே எழுத்துக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு நிலைகள் இருந்தன. ஒன்று, தகுதியுள்ள அதிகாரி முறையான ஆணை பிறப்பித்து, அந்தப் பதவியின் முழுக் கூடுதல் பொறுப்பையும் ஒருவருக்குக் கொடுப்பது. மற்றொன்று, அன்றாட வழக்கமான வேலைகளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்வது. புதுச்சேரியில் நாங்கள் மத்திய அரசின் அடிப்படை விதிகளைப் பின்பற்றுகிறவர்கள். அதில் 49-ஆம் விதி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது, அன்றாட வேலையை மட்டும் பார்ப்பவருக்குக் கூடுதல் ஊதியம் கிடையாது. இரண்டையும் ஒரே "(பொ)" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பின்னர் ஊதியக் கோப்பு வரும்போது பழைய ஆணைகளைத் தேடி அலைந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவில் உள்ளன.

இரண்டு நிலைகளிலும் பதவி காலிதான் என்பதை மறக்காதீர்கள். பொறுப்பாள் இருக்கிறார் என்பதற்காக அந்தப் பணியிடம் நிரம்பியதாக ஒருபோதும் எண்ணியதில்லை. அப்படி எண்ணினால் அதை நிரப்பக் கோரும் கடிதமே எழும்பாது.

முதுநகர் நிர்வாக உதவியாளர்

ஐயா சொன்ன இந்த வேறுபாடு எங்களிடமும் இருக்கிறது. ஷிப்ட் மேற்பார்வையாளருக்கு ஆலைத் தலைவர் ஒரு பக்க ஆணை கொடுத்திருக்கிறார். ஆனால் நுண்ணுயிரியலர் மகப்பேறு விடுப்பில் போனபோது அவருடைய ஆய்வக வேலையைத் தர ஆய்வாளர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார், அதற்கு வாய்மொழி ஏற்பாடு தவிர வேறில்லை.

வில்லியனூரான் ஐயா கேட்டபடி ஒப்பிட்டேன். ஓர் இடத்தில் முட்டுகிறது. கட்டமைப்பு விவரிப்பு, குளிர்கிடங்குப் பொறுப்பாளர் உற்பத்தி மேலாளரின் கீழ் என்கிறது. உற்பத்தி மேலாளரின் குறிப்பிலும் அவர் பெயர்ப்பட்டியலில் இருக்கிறார். ஆனால் ஆகஸ்ட் 2024-இல் திருத்திய குளிர்கிடங்குப் பொறுப்பாளரின் சொந்தக் குறிப்பு, அவர் "பராமரிப்புப் பொறியாளரின் கீழ்" என்கிறது. பராமரிப்புப் பொறியாளரின் குறிப்பிலோ இவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னொன்று, ஷிப்ட் மேற்பார்வையாளர் குறிப்பில் "ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பதிவேடுகளைத் தர மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று இருக்கிறது. அப்படியானால் அவருக்கு இரண்டு மேலலுவலர்களா?

வில்லியனூரான்

பின்னதை முதலில் முடித்துவிடுவோம். ஒப்படைத்தல், தெரிவித்தல், ஒருங்கிணைந்து செயல்படுதல் ஆகிய சொற்கள் வேலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்டுகின்றன, யார் யாரை நிர்வகிக்கிறார் என்பதைக் காட்டுவதில்லை. அந்த ஆளின் விடுப்பை யார் ஒப்புகிறார், ஆண்டு மதிப்பீட்டை யார் எழுதுகிறார், தவறு நடந்தால் விளக்கக் கடிதம் யார் கேட்கிறார் என்று பாருங்கள், மூன்றும் சேரும் இடம்தான் மேல் இருக்கை. ஷிப்ட் மேற்பார்வையாளருக்கு அது ப02 மட்டுமே. தர மேலாளருடன் உள்ள தொடர்பைப் புள்ளிக்கோடாக, தனி நெடுவரிசையில் எழுதுங்கள். மேல் இருக்கை நெடுவரிசையில் இரண்டு எண்களைக் காற்புள்ளி போட்டு எழுதினால் அதற்குப் பிறகு எந்தச் சரிபார்ப்பும் வேலை செய்யாது.

குளிர்கிடங்கு விஷயத்தில், மஞ்சக்குப்பம் நண்பர் சொன்னதுபோல் 2024 குறிப்பு பிந்தியது என்பதால் அதையே எடுத்துக்கொண்டால், ஒரு கீழ்நிலைக் குறிப்பைத் திருத்தியதன் மூலம் இரண்டு பிரிவுகளின் எல்லையையே மாற்றியதாக ஆகிவிடும். அந்தத் திருத்தத்தில் ஆலைத் தலைவரின் கையெழுத்து இருக்கிறதா, அல்லது குறிப்பைத் தட்டச்சு செய்தவர் தாமே மாற்றியதா என்று பாருங்கள். மாற்றியதற்குக் காரணமும் எனக்குப் புரிகிறது. கிடங்கு −18 டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டும், வெப்பநிலை ஏறினால் பொறுப்பாளர் முதலில் ஓடுவது கம்ப்ரசர் அறைக்குத்தான், அங்கே இருப்பவர் பராமரிப்புப் பொறியாளர். அந்த அன்றாட ஓட்டம் "கீழ்" என்ற சொல்லாக எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் இது என் ஊகம்தான், உங்கள் ஆலையின் கோப்புதான் பதில் சொல்ல வேண்டும்.

மஞ்சக்குப்பம் கணக்கர்

கையெழுத்து இல்லாத திருத்தத்தை ஏற்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்து இருந்தால் பிந்தியதுதான் செல்லும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை. கட்டமைப்பு விவரிப்பைத் திருத்த மறந்துவிட்டார்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

முதுநகர் நிர்வாக உதவியாளர்

பார்த்துவிட்டேன். 2024 திருத்தத்தில் "தயாரித்தவர்" என்ற இடத்தில் மட்டும் கையெழுத்து இருக்கிறது, "ஒப்புதல் அளித்தவர்" கட்டம் வெறுமையாக உள்ளது. ஆனால் அக்டோபர் 2024 முதல் குளிர்கிடங்குப் பொறுப்பாளரின் விடுப்பு விண்ணப்பங்களில் பராமரிப்புப் பொறியாளர்தான் கையெழுத்திட்டிருக்கிறார். அதே ஆண்டின் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து உற்பத்தி மேலாளருடையது. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை.

வில்லியனூரான்

சாய வேண்டாம். இது உங்கள் நிலையில் தீர்க்க வேண்டிய முடிவில்லை. ஒப்புதல் பெற்ற ஆவணம் சொல்வதை, அதாவது ப02-ஐ, மேல் இருக்கையாக எழுதி, குறிப்பு நெடுவரிசையில் "ஆகஸ்ட் 2024 குறிப்பு ப04 என்கிறது, ஒப்புதல் இல்லை, விடுப்பு ப04, மதிப்பீடு ப02" என்று நான்கு துண்டுச் செய்திகளையும் வையுங்கள். தலைவர் ஒரு வரியில் பதில் எழுதினால் மாற்றிவிடலாம். அட்டவணையில் நீங்கள் அமைதியாகத் தீர்த்து வைத்த முரண்பாட்டைத் தணிக்கையாளர் மூல ஆவணத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தால், மற்ற பதினொரு வரிகள் மீதும் ஐயம் விழும்.

இனி காலியிடம். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பது மட்டும் காலியிடத்துக்குச் சான்று ஆகாது. பெயர் இல்லாமல் போவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம்: இடம் ஒப்புதலோடு இருந்தும் ஆள் இல்லை, இடமே ரத்து செய்யப்பட்டுவிட்டது, அல்லது இடம் இருந்தும் நிரப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஷிப்ட் மேற்பார்வையாளரையும் இரண்டாவது தர ஆய்வாளரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நுண்ணுயிரியலர் காலி அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை, 26 வாரம் விடுப்பில் இருந்தாலும் அது அவருடைய இருக்கை.

பாகூர் ஓய்வூதியர்

விடுப்பில் இருப்பவரின் இடத்தைக் காலி என்று எழுதியதால் திரும்பி வந்தவர் சங்கடப்பட்ட ஒரு நேர்வை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிலை நெடுவரிசையில் "நிரம்பியது, விடுப்பில்" என்று எழுதி, திரும்பும் தேதியையும் பக்கத்தில் போடுங்கள் அம்மா.

முதுநகர் நிர்வாக உதவியாளர்

மூன்றாவது ஷிப்டுக்கு ஆள் தேடும் கோரிக்கைப் படிவம் ஆலைத் தலைவரின் ஒப்புதலுடன் இருக்கிறது, ஆகவே அது உறுதியான காலியிடம். இரண்டாவது தர ஆய்வாளருக்கு அப்படி எதுவும் இல்லை. கட்டமைப்பு விவரிப்பு இருவர் என்கிறது, பணிவிவரக் குறிப்பு எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரைத்தான் பார்க்கிறேன். இதை "தெளிவில்லை" என்று எழுதலாமா? வரைவை இங்கே வைக்கிறேன், திருத்துங்கள்.

| எண் | பதவி | மேல் இருக்கை | நிலை | தற்போது கவனிப்பவர் |
|---|---|---|---|---|
| ப01 | ஆலைத் தலைவர் | | நிரம்பியது | |
| ப02 | உற்பத்தி மேலாளர் | ப01 | காலி | ப06, எழுத்து ஆணை |
| ப03 | தர மேலாளர் | ப01 | நிரம்பியது | |
| ப04 | பராமரிப்புப் பொறியாளர் | ப01 | நிரம்பியது | |
| ப05 | நிர்வாக அலுவலர் | ப01 | நிரம்பியது | |
| ப06 | ஷிப்ட் மேற்பார்வையாளர் 1 | ப02 | நிரம்பியது | |
| ப07 | ஷிப்ட் மேற்பார்வையாளர் 2 | ப02 | நிரம்பியது | |
| ப08 | ஷிப்ட் மேற்பார்வையாளர் 3 | ப02 | காலி | யாரும் இல்லை |
| ப09 | குளிர்கிடங்குப் பொறுப்பாளர் | ப02 (முரண்) | நிரம்பியது | |
| ப10 | நுண்ணுயிரியலர் | ப03 | நிரம்பியது, விடுப்பில் | ப11, வாய்மொழி |
| ப11 | தர ஆய்வாளர் 1 | ப03 | நிரம்பியது | |
| ப12 | தர ஆய்வாளர் 2 | ப03 | தெளிவில்லை | |

வில்லியனூரான்

"தெளிவில்லை" என்பதே சரியான சொல். இப்போது தலைவர் எத்தனை காலி என்று கேட்டால், "உறுதியானவை 2, நீங்கள் முடிவு சொல்ல வேண்டியது 1, நிரம்பியவை 9, அவற்றில் ஒருவர் விடுப்பில்" என்று சொல்லலாம். கூட்டினால் 12 வருகிறது, விவரிப்பில் எண்ணிய இருக்கைகளோடு ஒத்துப்போகிறது. இந்தக் கூட்டல் ஒத்துவராவிட்டால் எங்கோ ஓர் இருக்கை விழுந்திருக்கிறது அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு திருத்தம். ப09-இன் மேல் இருக்கைக் கட்டத்திலிருந்து "(முரண்)" என்பதை எடுத்துக் குறிப்பு நெடுவரிசைக்கு மாற்றுங்கள். அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறு எதுவும் இருந்தால் கீழே உள்ள சூத்திரம் அதைப் பிழையாகக் காட்டும். விரிதாளில் எண் A, பதவி B, மேல் இருக்கை C என்று வைத்தால், ஒவ்வொரு மேல் இருக்கையும் உண்மையில் அட்டவணையில் இருக்கிறதா என்பதை இது சொல்லும்:

```
=IF(C2="","உச்சி",IF(COUNTIF($A$2:$A$13,C2)=1,"சரி","பார்க்க"))
```

"உச்சி" என்பது ஒரே ஒரு வரியில்தான் வர வேண்டும். இரண்டு வரிகளில் வந்தால் எங்கோ மேல் இருக்கையை எழுத மறந்திருக்கிறீர்கள். அடுத்து, கோடுகள் சுற்றி வருகின்றனவா என்று பார்க்க, காலியான ஒரு நெடுவரிசையில், H என்று வைத்துக்கொள்வோம், ஒரு படி மேலே ஏறுங்கள்:

```
=IFERROR(VLOOKUP(C2,$A$2:$C$13,3,FALSE),"")&""
```

அடுத்த நெடுவரிசையில் இதே சூத்திரத்தில் C2-க்குப் பதில் H2 என்று மாற்றி இன்னொரு படி ஏறுங்கள். உங்கள் ஆலையில் மூன்று நிலைகள்தான், ஆகவே இரண்டாவது ஏற்றத்தில் எல்லா வரிகளும் வெறுமையாகிவிட வேண்டும். எங்காவது எண் தங்கி நின்றால், அந்த வரி உச்சிக்குப் போகாமல் சுற்றுகிறது, அல்லது நீங்கள் அறியாத நான்காவது நிலை ஒன்று உருவாகியிருக்கிறது. கடைசியில் உள்ள `&""` இல்லையென்றால் வெறுமையான கட்டத்துக்குப் பதில் 0 வந்து நின்று குழப்பும்.

மஞ்சக்குப்பம் கணக்கர்

ப10-ஐக் கவனிப்பவர் ப11 என்று எழுத்தில் போட்டுவிட்டால், ஆணையில்லாத ஏற்பாட்டை நாமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகாதா? தணிக்கையின்போது அதுவே கேள்வியாகும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

பாகூர் ஓய்வூதியர்

வெறுமையாக விட்டால் ஆய்வக அறிக்கையில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்ற கேள்வி வரும்போது என்ன சொல்வார்? தணிக்கைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தலைவரிடம் சொல்லி இரண்டு வரி ஆணை வாங்குவது கடினமான காரியம் இல்லை. ஆனால் முன்தேதியிட்டு வாங்க வேண்டாம், வாங்கும் நாளின் தேதியே இருக்கட்டும்.

முதுநகர் நிர்வாக உதவியாளர்

முன்தேதி வேண்டாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். "(முரண்)" என்பதைக் குறிப்பு நெடுவரிசைக்கு மாற்றிச் சூத்திரங்களைப் போட்டுப் பார்த்தேன். ப01-இல் மட்டும் "உச்சி" வந்தது, ஆனால் ப07-இல் "பார்க்க" என்று வந்தது. நெடுநேரம் தேடிய பிறகு, "ப02" என்று நான் தட்டியதற்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதை நீக்கியதும் சரியாகிவிட்டது, இரண்டாவது ஏற்றத்தில் எல்லாம் வெறுமையாக வந்தன.

ப09, ப12 ஆகிய இரண்டையும் ஒரே கடிதத்தில் தலைவருக்கு இன்று அனுப்பியிருக்கிறேன். நிர்வாக அலுவலருக்குப் பணிவிவரக் குறிப்பே இல்லை என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன், எட்டுக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வரிகளோடு பொருத்தியபோதுதான் அது கண்ணில் பட்டது.

வில்லியனூரான்

நல்லது. கடிதத்துக்குப் பதில் வந்ததும், மாற்றிய வரியின் எதிரே அந்தப் பதிலின் தேதியை எழுதுங்கள். மார்ச் 2023 விவரிப்பையும் அதே நாளில் திருத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அட்டவணைக்கும் கையேட்டுக்கும் இடையே புதிதாக ஒரு முரண்பாடு பிறக்கும்.